கூட்டு வட்டி போட்டு 12 ஆல் வகுத்தால் தவணை ஏன் கூடுதலாக வருகிறது?

தாமரைக்குளம் | மார்ச் 3, இரவு 10.12

ஒரு லட்சம் கடன். ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம். 12 மாதத்தில் அடைக்க வேண்டும். கூட்டு வட்டி போட்டுப் பார்த்தால் வருடக் கடைசியில் 1,12,682.50 வருகிறது. 12 ஆல் வகுத்தால் மாதம் 9,390.21. ஆனால் வங்கி கொடுத்த தாளில் தவணை 8,884.88 என்று இருக்கிறது. மாதம் 505 ரூபாய் குறைத்து வாங்கும் அளவுக்கு எந்த வங்கிக்கும் மனசு கிடையாது. அப்படியானால் தப்பு என் கணக்கில்தான், எங்கே என்று தெரியவில்லை.

எங்கு தேடினாலும் கிடைக்கும் சூத்திரம் இது. P கடன் தொகை, r மாத வட்டி, n மாதங்களின் எண்ணிக்கை, E தவணை:

```
E = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

இதில் எண்களைப் போட்டால் வங்கியின் விடைதான் வருகிறது. ஆனால் (1+r)^n ஏன் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது? அந்த "கழித்தல் 1" எங்கிருந்து முளைத்தது? பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் "பெருக்குத் தொடரில் இருந்து வருதுப்பா" என்கிறாள். எப்படி என்று கேட்டால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.

கல்லாப்பெட்டி | மார்ச் 3, இரவு 10.40

இதற்குப் போய் சூத்திரம் எதற்கு? ஒரு லட்சத்தை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். முதல் மாதம் முழு லட்சத்துக்கும் வட்டி, கடைசி மாதம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மட்டும் வட்டி. சராசரியாக ஆறரை மாத வட்டி. 1,000 × 6.5 = 6,500. ஆக மொத்தம் 1,06,500, மாதம் 8,875. வங்கி சொல்வதற்கும் இதற்கும் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் மனக்கணக்காகச் சொல்வோம்.

கரும்பலகை | மார்ச் 3, இரவு 11.25

கல்லாப்பெட்டிக்கு அப்புறம் வருகிறேன். அவர் கணக்கு பாதி சரி, அந்தப் பாதி சுவாரசியமானது.

முதலில் தாமரைக்குளம் கேட்டது. 1,12,682.50 என்பது வருடம் முழுக்க ஒரு பைசாவும் கட்டாமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் மொத்தமாகக் கட்டினால் வரும் தொகை. நீங்கள் அப்படி இருக்கப் போவதில்லை. முதல் மாத முடிவிலேயே ஒரு தவணை கட்டுகிறீர்கள். அந்தப் பணத்துக்கு மீதி 11 மாதமும் வட்டி ஓடக் கூடாது. நீங்கள் கடனை மட்டும் வருடக் கடைசிக்கு நகர்த்திவிட்டு, தவணைகளை அவை கட்டிய நாளிலேயே விட்டுவிட்டீர்கள்.

மாதாமாதம் மீதியை எழுதிப் பாருங்கள். (1+r) என்பதை x என்று வைத்துக்கொள்வோம், இங்கே x = 1.01. தவணை E.

```
1 ஆம் மாத முடிவில்:   P·x − E
2 ஆம் மாத முடிவில்:   P·x² − E·x − E
3 ஆம் மாத முடிவில்:   P·x³ − E·x² − E·x − E
```

போகப் போகத் தெரிந்துவிடும். n மாதத்துக்குப் பிறகு மீதி பூஜ்யம் ஆக வேண்டும். எனவே

```
P·xⁿ = E · (1 + x + x² + … + xⁿ⁻¹)
```

அடைப்புக்குள் இருப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் பெருக்குத் தொடர். அதை S என்போம். S ஐ x ஆல் பெருக்கினால் எல்லா உறுப்பும் ஒரு படி மேலே போகும். பழைய S ஐக் கழித்தால் நடுவில் இருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு போய், தலையும் வாலும் மட்டும் மிஞ்சும்: xS − S = xⁿ − 1. ஆகவே S = (xⁿ − 1)/(x − 1). இங்கே x − 1 என்பது r தான். கீழே இருக்கும் "கழித்தல் 1" தொடரின் கூட்டலில் இருந்து வந்தது. மேலே இருக்கும் xⁿ, கடன் வளர்ந்ததில் இருந்து வந்தது. இரண்டும் ஒரே குறியாக இருப்பதால்தான் குழப்பம்.

உங்கள் எண்களுக்கு S = 0.126825/0.01 = 12.6825. அதாவது 1,12,682.50 சரிதான், வகுத்ததுதான் தப்பு. 12 ஆல் அல்ல, 12.6825 ஆல் வகுக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், 8,884.88.

தாமரைக்குளம் | மார்ச் 4, காலை 6.50

வகுத்துப் பார்த்தேன், வருகிறது. ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. E·x², E·x என்று என் தவணைக்கு வட்டி போட்டிருக்கிறீர்கள். வங்கி என் தவணைக்கு எங்கே வட்டி தருகிறது? கட்டினால் ரசீது தருகிறார்கள், அவ்வளவுதான்.

கரும்பலகை | மார்ச் 4, காலை 7.35

நல்ல கேள்வி. வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பார். மாலை நேர பாலிடெக்னிக் வகுப்பில் நிதி நிறுவன வசூல் வேலை பார்ப்பவர்களும் இருந்தார்கள், இதை அவர்கள்தான் சண்டைக்கு வருவது போலக் கேட்பார்கள்.

வங்கி உங்கள் தவணைக்கு வட்டி தருவதில்லை. இரண்டாம் வரி எப்படி வந்தது என்று பாருங்கள். முதல் மாத மீதி (P·x − E). இரண்டாம் மாதம் அந்த மீதிக்குத்தான் வட்டி, எனவே (P·x − E)·x. அதை விரித்தால் P·x² − E·x. அந்த E·x இல் E க்கு மேல் இருக்கும் E·r என்பது வங்கி உங்களுக்குக் கொடுத்த பணம் அல்ல, உங்களிடம் கேட்காமல் விட்ட வட்டி. கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

எட்டுக்கல் | மார்ச் 4, காலை 9.10

நகைக்கடனுக்கும் இதே சூத்திரம்தானா? நான் வருடக் கடைசியில் வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டி மீட்பேன்.

கரும்பலகை | மார்ச் 4, காலை 9.30

இல்லை. ஒரே தடவையில் மீட்பதென்றால் தொடரே கிடையாது, ஒரே ஒரு உறுப்புதான். நீங்கள் கட்டுவது தாமரைக்குளம் முதலில் போட்ட கூட்டு வட்டி மாதிரியோ தனி வட்டி மாதிரியோ இருக்கும். எது என்று அடகுச் சீட்டின் பின்பக்கத்தில் பார்க்கவும்.

கல்லாப்பெட்டி | மார்ச் 4, மதியம் 1.15

என் கணக்கு பாதி சரி என்றீர்களே, மீதிப் பாதி எங்கே போயிற்று? பத்து ரூபாய்க்காகவா இவ்வளவு படம் காட்டுகிறீர்கள்?

கரும்பலகை | மார்ச் 4, இரவு 9.50

பத்து ரூபாய் என்பது 12 மாதக் கடனுக்கு. இருபது வருட வீட்டுக்கடனுக்கு உங்கள் வழியில் போட்டுப் பாருங்கள். 30 லட்சம், 7 சதவீதம், 240 மாதம். சராசரி 120.5 மாத வட்டி, மாதம் 17,500 வீதம் 21,08,750. அசலோடு சேர்த்து 240 ஆல் வகுத்தால் சுமார் 21,286. சூத்திரம் சொல்வது 23,259. மாதம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் உங்கள் கடைக்கு நஷ்டம்.

காரணம் இதுதான். உங்கள் சராசரி, அசல் மாதாமாதம் சமமாகக் குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறது. சமத் தவணையில் அசல் சமமாகக் குறையாது. ஆரம்பத்தில் கொஞ்சமாக, கடைசியில் வேகமாகக் குறையும். அதனால் பாதிக் காலம் போன பிறகும் பாதிக்கு மேல் கடன் நிற்கும். 12 மாதத்தில் இந்த வளைவு கண்ணுக்கே தெரியாது, 240 மாதத்தில் பெரிய தொந்தி போட்டுவிடும்.

ஆனால் உங்கள் அப்பாவின் கணக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூத்திரத்தை r சிறியது என்று வைத்து விரித்தால், முதல் இரண்டு உறுப்பாக வருவது அதுதான்: P/n + P·r·(n+1)/(2n). r பூஜ்யம் என்றால் சூத்திரத்தில் 0/0 என்று நிற்கும், கணிப்பொறி பிழை காட்டும். இந்த வடிவத்தில் ஒழுங்காக P/n வரும். r × n சிறியதாக இருக்கும் வரை அந்த மனக்கணக்கை நம்பலாம். 12 மாதம், 1 சதவீதத்துக்கு அது 0.12. வீட்டுக்கடனுக்கு 1.4. அங்கே கை விட்டுவிடும்.

கல்லாப்பெட்டி | மார்ச் 4, இரவு 10.05

எங்கள் கடையில் 240 மாதத்துக்கு எவனுக்கும் கடன் கொடுத்ததில்லை. ஆகையால் நஷ்டமும் இல்லை.

கரும்பலகை | மார்ச் 5, காலை 5.40

படுத்த பிறகு யோசித்தேன். நேற்று எழுதியதில் தவறு இல்லை, ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாடப் புத்தக வழியில் பெருக்குத் தொடர் காகிதத்தில்தான் இருக்கிறது, வங்கி கொடுக்கும் அட்டவணையில் எங்கேயும் கண்ணில் படாது. யாரும் தன் பாஸ்புக்கில் E·x² என்று ஒரு வரியைப் பார்த்ததில்லை. ஆனால் அட்டவணையிலேயே ஒரு பெருக்குத் தொடர் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. அசல் பத்தியில்.

மூன்றே மாதக் கடனாக எடுத்துக் கையால் போடுவோம். ஒரு லட்சம், மாதம் 1 சதவீதம், தவணை 34,002.21.

```
மாதம்    வட்டி       அசல்         மீதி
1      1,000.00   33,002.21   66,997.79
2        669.98   33,332.23   33,665.56
3        336.66   33,665.55        0.01
```

அசல் பத்தியை மட்டும் பாருங்கள். 33,002.21 ஐ 1.01 ஆல் பெருக்கினால் 33,332.23. அதை மறுபடி 1.01 ஆல் பெருக்கினால் 33,665.55. இது தற்செயல் இல்லை. முதல் மாதம் 33,002.21 அசல் அடைந்தது. அடுத்த மாதம் அந்தத் தொகைக்கான வட்டி 330.02 வராது. தவணை மாறாததால், வட்டியில் மிச்சமான அந்த 330.02 அப்படியே அசல் பக்கம் போய்ச் சேருகிறது. ஆக ஒவ்வொரு மாத அசலும் முந்தைய மாத அசலைப் போல x மடங்கு.

இப்போது சூத்திரம் இரண்டு வரியில் வரும். முதல் மாத வட்டி P·r, எனவே முதல் மாத அசல் E − P·r. அது மாதாமாதம் x மடங்காகி, n மாதத்தில் மொத்தம் P ஆக வேண்டும்.

```
(E − P·r) · (xⁿ − 1)/r = P
E = P·r + P·r/(xⁿ − 1)
```

இரண்டையும் ஒரே பகுதியின் கீழ் கொண்டுவந்தால் பழைய சூத்திரம்தான். ஆனால் எனக்கு இந்தப் பிரித்த வடிவம்தான் பிடிக்கும். முதல் துண்டு, கடனை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்க ஆகும் வட்டி. இரண்டாவது துண்டுதான் கடனை அடைக்கும் துண்டு. 240 மாதம், 7 சதவீதம் என்றால் முதல் துண்டு 17,500, இரண்டாவது 5,759.

தாமரைக்குளம் | மார்ச் 5, காலை 8.20

அட்டவணையைக் காட்டியதும் மகள் தானே உட்கார்ந்து நாலு மாதத்துக்குப் போட்டுவிட்டாள். அந்தக் கடைசி 0.01 ஐ என்ன செய்வது என்று கேட்கிறாள்.

கரும்பலகை | மார்ச் 5, காலை 8.45

வட்டியைப் பைசாவுக்கு முழுமையாக்குவதால் வரும் சில்லறை. கடைசித் தவணையில் சேர்த்துவிடுவார்கள். தவணையை ரூபாய்க்கு முழுமையாக்கினால் இருபது வருடக் கடைசியில் இந்தச் சில்லறை சில நூறு ரூபாயாகவும் ஆகலாம், ஏனென்றால் ஒவ்வொரு மாதப் பைசாவும் அதே S ஆல் பெருகும். அட்டவணையின் கடைசித் தவணை மட்டும் வேறு எண்ணாக இருந்தால் பதற வேண்டாம்.

மாடிவீடு | மார்ச் 5, இரவு 8.30

என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். மேலே எழுதியிருக்கும் 30 லட்சம், 7 சதவீதம், 20 வருடம் கிட்டத்தட்ட என் கடன்தான். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்த கடன். தவணை 23,259. ஒரு வருடம் கட்டினேன். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 இலிருந்து 6.5 ஆகிவிட்டது. என் வட்டி 9.5. தவணை மாறாது, காலம் நீளும் என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள். சரி, ரெண்டு மூணு வருஷம் கூடும் என்று நினைத்தேன். அப்புறம் வங்கியில் இருந்து கடிதம்: தவணையை 27,788 ஆக உயர்த்தச் சம்மதம் கொடுங்கள் என்று. மேலாளரைக் கேட்டால் "சிஸ்டம் காலத்தை நீட்டிக்க விடமாட்டேன் என்கிறது சார்" என்றார். 2.5 சதவீதம் ஏறியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கூடுதலாக அடிக்கிறார்களா?

கரும்பலகை | மார்ச் 5, இரவு 10.55

கூடுதலாக அடிக்கவில்லை. காலையில் எழுதிய வடிவத்தை வைத்தே பார்க்கலாம். படிப்படியாக ஏறியதை எளிமைக்காக ஒரே தாவலாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வருடத்தில் அடைந்த அசல்: 5,759 இல் ஆரம்பித்து மாதாமாதம் பெருகும் 12 உறுப்புகள், மொத்தம் சுமார் 71,368. மீதிக் கடன் 29,28,632. வருடம் முழுக்க கட்டியது இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல், அதில் அசலுக்குப் போனது இவ்வளவுதான்.

இப்போது 9.5 சதவீதத்தில் இந்த மீதிக்கு ஒரு மாத வட்டி 23,185. உங்கள் தவணை 23,259. அசலுக்குப் போவது 74 ரூபாய். ஐயாயிரத்து எழுநூறாக இருந்த துண்டு எழுபத்து நாலாகிவிட்டது.

எத்தனை மாதம் ஆகும்? (E − B·r)(xⁿ − 1)/r = B என்பதைத் திருப்பினால், B மீதிக் கடன்,

```
xⁿ = E / (E − B·r)
```

23,259 ஐ 74 ஆல் வகுத்தால் சுமார் 314. 1.0079167 ஐ எத்தனை தடவை பெருக்கினால் 314 வரும்? மடக்கை போட்டால் 729 மாதம். அறுபது வருடம் ஒன்பது மாதம். நீங்கள் ரெண்டு மூணு வருஷம் என்று நினைத்ததற்கும் சிஸ்டம் மறுத்ததற்கும் காரணம் இந்தப் பகுதியில் இருக்கும் கழித்தல்தான். அது பூஜ்யத்தை நெருங்க நெருங்க காலம் எங்கேயோ போய்விடும்.

27,788 என்பது மீதி 228 மாதத்துக்குள்ளேயே அடைப்பதற்கான தவணை. நான் போட்டாலும் அதே எண்தான் வருகிறது.

மாடிவீடு | மார்ச் 5, இரவு 11.10

729 மாதமா! எனக்கு இப்போதே 41 வயது.

கரும்பலகை | மார்ச் 6, காலை 6.05

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. கடன் வாங்கிய உடனேயே, ஒரு தவணைகூடக் கட்டாத நிலையில் 9.5 ஆகியிருந்தால் மாத வட்டி 23,750. தவணை அதற்கும் குறைவு. E − B·r குறை எண்ணாகிவிடும், மடக்கை கிடையாது, n என்று ஒன்றே இல்லை. கட்டக் கட்டக் கடன் ஏறும். விரிதாளில் இப்படிப் போட்டுப் பார்க்கலாம்:

```
=NPER(9.5%/12, -23258.97, 2928632)
=NPER(9.5%/12, -23258.97, 3000000)
```

முதலாவது 729 ஐ ஒட்டிக் காட்டும். இரண்டாவது `#NUM!` என்று கையை விரிக்கும்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்தா என்று கடன்தாரருக்குத் தேர்வு கொடுக்க வேண்டும், காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக் கூடாது என்கிறது. எனவே உங்கள் முன் இருப்பது 23,259 அல்லது 27,788 என்ற இரண்டு மட்டும் அல்ல. தவணையோடு வெறும் 500 ரூபாய் சேர்த்தால் அசலுக்குப் போவது 574 ஆகிறது, காலம் 729 இலிருந்து 472 மாதமாக இறங்குகிறது. இருபத்தோரு வருடம் 500 ரூபாயில் போய்விட்டது. ஆனால் 472 மாதத்துக்கும் எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளாது, அதற்குள் உங்களுக்கு எண்பது வயது. நடுவில் ஒரு தவணை கேளுங்கள். கைவசம் பணம் இருந்தால் கொஞ்சம் அசலில் கட்டுங்கள், அது B ஐயே குறைக்கும்.

கல்லாப்பெட்டி | மார்ச் 6, காலை 10.30

எங்களிடம் கடன் வாங்கியிருந்தால் வட்டி ஏறியிருக்காது. ஆரம்பத்திலேயே ஏற்றித்தான் வைத்திருப்போம்.

பொடிநடை | மார்ச் 6, மாலை 4.45

ஃப்ரிட்ஜ் தவணையில் வாங்கினேன். கடையிலேயே முதல் தவணையைக் கழித்துக்கொண்டுதான் பில் போட்டார்கள். ஒரு மாதம் கழித்துத்தானே தவணை ஆரம்பிக்க வேண்டும்? ஒரு மாதம் முன்னால் கட்டினால் என்ன பெரிய வித்தியாசம் என்கிறார் கடைக்காரர்.

கரும்பலகை | மார்ச் 6, இரவு 9.15

தொடரில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு படி மேலே போகும், அவ்வளவுதான். (1 + x + … + xⁿ⁻¹) இருந்த இடத்தில் (x + x² + … + xⁿ). எனவே நியாயமான தவணை பழையதை x ஆல் வகுத்தது. தாமரைக்குளத்தின் ஒரு லட்சத்துக்கு 8,884.88 அல்ல, 8,796.91. விரிதாளில் PMT இன் கடைசி இடத்தில் 1 போட்டால் இதே விடை வரும்:

```
=PMT(1%, 12, -100000, 0, 1)
```

முதல் தவணையை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, தவணைத் தொகையை மட்டும் 8,884.88 ஆகவே வைத்திருந்தால், உங்கள் கைக்கு வந்தது 91,115. அதை 11 தவணையில் அடைக்கிறீர்கள். அந்த வட்டி 12 சதவீதம் இல்லை, 14¼ சதவீதம் பக்கம். பில்லில் இருக்கும் எண்ணை இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

பொடிநடை | மார்ச் 7, காலை 9.00

பில்லில் வட்டி பூஜ்யம் என்று போட்டு, அதற்குக் கீழே "செயலாக்கக் கட்டணம்" என்று தனியாக வாங்கியிருக்கிறார்கள்.

கரும்பலகை | மார்ச் 7, காலை 9.20

அப்படியானால் கட்டணத்தைக் கடன் தொகையிலிருந்து கழித்துவிட்டு, r ஐத் தேட வேண்டும். அதற்கு நேரான சூத்திரம் கிடையாது, விரிதாளில் RATE போட வேண்டியதுதான். உங்கள் எண்களைப் போடுங்கள், பார்க்கலாம்.

பனிக்குல்லா | மார்ச் 7, மாலை 6.30

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் ஆண்டு வட்டியை 12 ஆல் வகுத்துவிட்டுப் போகிறீர்கள். 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம் 1,12,000 ஆக வேண்டும். 1 சதவீதம் வீதம் 12 தடவை பெருக்கினால் 1,12,682 ஆகிறது, அதாவது 12.68 சதவீதம். மாத வட்டி உண்மையில் 1.12 இன் பன்னிரண்டாம் மூலத்தில் இருந்து 1 ஐக் கழித்தது, 0.9489 சதவீதம். தவணை 8,856.21. மாதம் 28 ரூபாய் 67 பைசா சும்மா போகிறது. கனடாவில் நிலையான வட்டி வீட்டுக்கடனுக்கு அரையாண்டுக் கூட்டு வட்டிதான். அங்கே 12 ஆல் வகுத்தால் வங்கித் தாளோடு பொருந்தவே பொருந்தாது. நான் முதல் தடவை போட்டபோது ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கரும்பலகை | மார்ச் 7, இரவு 10.10

உங்கள் ஊர்க் கணக்கில் மாத வட்டி 1.06 இன் ஆறாம் மூலத்தில் இருந்து வரும், 0.9759 சதவீதம். ஒரு லட்சத்துக்குத் தவணை 8,871.34. மூன்று வழியிலும் தொடர் அதேதான், x மட்டும் வேறு.

ஆனால் "சும்மா போகிறது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தியாவில் 12 சதவீதம் என்று கடன் ஒப்பந்தத்தில் எழுதினால், மாதம் 1 சதவீதம் என்றுதான் இரு தரப்பும் புரிந்துகொள்கிறார்கள். அது வழக்கம், ஏமாற்று இல்லை.

பனிக்குல்லா | மார்ச் 7, இரவு 10.35

வழக்கம் என்றால் யாருக்குச் சாதகமான வழக்கம்? அங்கே வைப்பு நிதிக்கு மட்டும் காலாண்டுக்கு ஒரு தடவைதான் கூட்டுகிறார்கள். கடனுக்கு மட்டும் எப்படி மாதத்துக்கு ஒரு தடவை ஆனது?

கரும்பலகை | மார்ச் 8, காலை 6.15

மாதாமாதம் நீங்கள் தவணை கட்டுவதால். கட்டும் இடைவெளிக்கு ஒரு தடவை வட்டி கணக்கிடுகிறார்கள், அந்த வட்டியைத் தவணையிலேயே வாங்கியும் விடுகிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டிக்கு வட்டி என்ற பேச்சே எழாது. மேலே போட்ட மூன்று மாத அட்டவணையில் எந்த இடத்திலாவது வட்டி மீதியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பனிக்குல்லா | மார்ச் 8, காலை 7.00

சேரவில்லை, சரி. ஆனால் வங்கி அந்த வட்டியை மாதாமாதம் வாங்கி அடுத்தவருக்குக் கடன் கொடுக்கிறதே, அது அவர்களுக்கு 12.68 தானே? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

தாமரைக்குளம் | மார்ச் 8, காலை 8.40

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள். எனக்கு வேறு ஒரு தலைவலி. என் கடன் பணம் கைக்கு வந்தது 17 ஆம் தேதி, தவணை மாதாமாதம் 5 ஆம் தேதி. முதல் மாதம் வட்டிப் பத்தியில் 1,000 க்குப் பதிலாக 624 சொச்சம் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதற்கு அடுத்த மாதம்தான் 8,884.88 ஆரம்பிக்கிறது. இது எந்தத் தொடரில் வருகிறது?

கரும்பலகை | மார்ச் 8, காலை 9.05

தொடருக்கு வெளியே. 17 முதல் அடுத்த 5 வரை 19 நாள் என்றால் 1,00,000 × 12% × 19/365 = 624.66. உங்கள் சொச்சம் அதுதானா என்று பாருங்கள். அந்த உடைந்த நாட்களின் வட்டியைத் தனியாக வாங்கிவிட்டால், 5 ஆம் தேதி மீதி மறுபடி சரியாக ஒரு லட்சம். தொடர் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. 31 நாள் மாதத்தில் வாங்கியிருந்தால்தான் 19 வரும். ஜனவரியா?

தாமரைக்குளம் | மார்ச் 8, காலை 9.12

ஜனவரிதான். 624.66 என்றே இருக்கிறது.